அக்கா முதலாளியாக நடித்த ஞாயிற்றுக்கிழமைகள்

சம்பளம் கூட்டிக் கேட்டு வருகிறவர்களை 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பி அனுப்புவதில் அக்கா கைதேர்ந்தவர். திருப்பூரில் ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஸ்டிங் பார்க்க ஆரம்பித்து ஜெனரல் மேனேஜர் நாற்காலி வரைக்கும் போனவர். ஜெனரல் மேனேஜர் என்றால் பையரோடு விலை பேசுவது மட்டும் வேலையல்ல. முதலாளிக்கு முகத்தில் அடித்தாற்போல் சொல்லப் பிடிக்காததையெல்லாம் சொல்லாமல் சொல்வதும் அந்த வேலைதான். "நான் யாரையும் மாட்டேன்னு சொன்னதே இல்ல அம்மிணி. எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துத்தான் அனுப்புவேன்" என்பார்.

நான் டிரெய்னியாகச் சேர்ந்தபோது எனக்கு ஆர்டர் ஷீட் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பின்னால் முழங்கால் வலி என்று வேலையை விட்டுவிட்டு, காந்தி நகர் வீட்டிலிருந்தே சின்ன யூனிட்டுகளுக்குக் காஸ்டிங் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தேன். 2018-இல், முதன்முதலாகச் சம்பளம் கூட்டிக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியபோது போய் நின்ற இடம் அவர் வீடு. திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்கவும் கடைவீதிக்குப் போகவும்தான் இருக்கிறது. அந்த அக்டோபரில் என் ஞாயிறுகள் அக்கா வீட்டுக் கூடத்தில் கழிந்தன.

என் நிலைமை இதுதான். மெர்ச்சண்டைசர் வேலை. எனக்கு மேலே இருந்த சீனியர் போன பிறகு, ஐரோப்பியப் பையர்கள் இரண்டு பேரை நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்தேன். லேப் டிப் அனுப்புவது, பிரிண்ட் ஸ்ட்ரைக் ஆஃபுக்கு அப்ரூவல் வாங்குவது, சைஸ் செட், கட்டிங், பேக்கிங், தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிற தேதி என்று எல்லாம் என் தலையில். சம்பளம் மட்டும் சீனியருக்கு உதவியாக இருந்த காலத்துச் சம்பளம், 19,500 ரூபாய். ஒவ்வொரு ஏப்ரலிலும் கம்பெனியே எல்லோருக்கும் போடுகிற சில நூறுகள் ஏறுமே தவிர, நானாக வாய் திறந்து கேட்டதில்லை.

"எவ்வளவு கேக்கப் போற?" என்றார் அக்கா.

"அவரா பாத்து ஏதாச்சும் போட்டா..."

"அவரா பாத்தா ரெண்டாயிரம் போடுவாரு. போட்டா நீ என்ன ஆவேன்னு தெரியுமா?"

காஸ்டிங் ஷீட்டுக்கு வைத்திருக்கிற அதே நோட்டை எடுத்தார். 19,500-இல் எனக்குப் பிடித்தம் என்னென்ன என்று எழுதச் சொன்னார். பிஎஃப் 1,440. இஎஸ்ஐ அப்போது தொழிலாளி பங்கு 1.75 சதவீதம், 342 ரூபாய். கைக்கு வருவது 17,718. பிறகு 21,000 என்று ஓர் எண்ணை எழுதி அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். 2017 ஜனவரியிலிருந்து இஎஸ்ஐக்கு அதுதான் உச்ச வரம்பு. மாதச் சம்பளம் அதைத் தாண்டினால் இஎஸ்ஐ கிடையாது.

எனக்கு அது தெரியாத விஷயமல்ல. ஆனால் என்னோடு அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை எல்லாம் என் இஎஸ்ஐ கார்டில்தான் வந்துகொண்டிருந்தன. கண்ணில் புரை வேறு விழ ஆரம்பித்திருந்தது. கார்டு போனால் மாத்திரைக்கு வெளியே மாதம் 1,800 ஆகும். அம்மா வயதுக்கு, சர்க்கரையும் இருக்கும்போது, ஒரு இன்ஷூரன்ஸ் எடுக்க விசாரித்ததில் வருஷம் 15,000 சொன்னார்கள். மாதத்துக்கு 1,250. இரண்டும் சேர்ந்து 3,050. இஎஸ்ஐ பிடித்தம் 342 மிச்சமாகும் என்று கழித்தால், கார்டு போவதால் எனக்கு நட்டம் மாதம் சுமார் 2,700.

"இப்பப் பாரு. ரெண்டாயிரம் ஏத்தி 21,500 ஆக்குனாருன்னா, நீ இன்னைக்கு இருக்கறதைவிட மாசம் எழுநூறு ரூவா கொறைவா வாங்குவ. அவருக்குக் குடுத்த திருப்தி, உனக்கு வாங்குன திருப்தி, வீட்டுல மட்டும் காசு பத்தாது" என்றார்.

கணக்கை இன்னும் கொஞ்சம் தள்ளினோம். 22,200 வந்தால்தான் பழைய நிலைமைக்கே வந்து சேர்வேன். சரியாக 21,000-இல் நின்றால் கார்டும் இருக்கும், கையில் ஏறத்தாழ 1,475 கூடும். அந்த லாபத்தை மிஞ்ச வேண்டுமானால் 23,700-க்கு மேல் போயாக வேண்டும். அக்கா அடியில் ஒரே வரி எழுதினார்: '24,000-க்கு மேல், இல்லையென்றால் 21,000. நடுவில் வேண்டாம்.' கேட்க வேண்டிய தொகை 26,000 என்று முடிவாயிற்று.

தேதியையும் அவர்தான் வைத்தார். இஎஸ்ஐக்குக் கணக்கு ஆறாறு மாதமாக ஓடும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அந்த ஆறு மாதம் தொடங்கும்போது வரம்புக்குள் இருந்துவிட்டால், நடுவில் சம்பளம் தாண்டினாலும் அந்த ஆறு மாதம் முடிகிறவரை பிடித்தமும் நடக்கும், வைத்தியமும் கிடைக்கும். அக்டோபர் பிறந்துவிட்டது. ஆகவே நவம்பர் சம்பளத்தில் ஏறினால், மார்ச் 31 வரையாவது அம்மாவுக்குக் கார்டு உண்டு. "தீபாவளி ஆறாந்தேதி வருது. போனஸ் பட்டுவாடா முடிஞ்சு, ஊருக்குப் போன ஆளுக எல்லாம் திரும்பட்டும். அதுக்கு முன்னால கேட்டா பணம் தண்ணியா போற நேரத்துல கேட்ட மாதிரி இருக்கும். பொறகு கேளு. மார்ச்சுக்குள்ள அம்மா கண்ண ஆபரேஷன் பண்ணிரு" என்றார்.

கணக்கு முடிந்தது. எனக்கோ வேலையே முடிந்த மாதிரி நிம்மதி. அக்கா எழுந்து நாற்காலியை மேசைக்குப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டிவி ரிமோட்டைப் போன் மாதிரி காதோரம் வைத்துக்கொண்டு, "போய் வெளிய நின்னு கதவத் தட்டிட்டு வா" என்றார்.

சிரித்துக்கொண்டே போனேன். தட்டினேன். உள்ளே வந்தேன். அவர் ரிமோட்டில் யாரோ டையிங்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். கையால் 'இரு' என்று காட்டினார். நின்றேன். திட்டி முடித்து நிமிர்ந்தவர், "வா கண்ணு, அந்தப் பச்சைக்கு லேப் டிப் கமெண்ட் வந்துச்சா?" என்றார். குரல், தலையைச் சாய்க்கிற விதம் எல்லாம் எங்கள் முதலாளியேதான். அக்காவுக்கு அவரைத் தொழிலில் பல வருஷப் பழக்கம். நான் லேப் டிப் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆப்ஷன் பி-யை அப்ரூவ் பண்ணியதையும், டையிங்கில் ஏ-யை ஓட்டவிருந்ததைப் பிடித்ததையும் சொல்லி முடிக்க, "சரி கண்ணு, பாத்துக்க" என்று அவர் குனிந்துகொண்டார். நான் "சரிங்க" என்று திரும்பிக் கதவு வரை வந்துவிட்டேன்.

பின்னால் அக்கா மேசையைத் தட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டபோதுதான் எதற்கு வந்தேன் என்பதே நினைவு வந்தது.

முதலாளி கேபின் என்பது கதவு திறந்தே கிடக்கிற இடம். கட்டிங் மாஸ்டர் வருவார், பில்லில் கையெழுத்துக்கு ஆள் வரும், போன் ஓயாது. அங்கே வேலைப் பேச்சை எடுத்தால் அது தானாக நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்கு அக்கா சொல்லிக்கொடுத்த வழி சுலபமானது. வேலைக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல வேண்டும். உடனே, "என்ற விசயமா ஒரு பத்து நிமிசம் வேணுமுங்க சார், இப்பப் பேசலாமுங்களா, சாயங்காலம் வரட்டுங்களா" என்று கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் அவர் தேர்ந்தெடுக்க முடியும். போன் வந்தால் எழுந்து போகக் கூடாது. உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும். "எந்திரிச்சுட்டீன்னா அன்னைக்குப் பேச்சு முடிஞ்சுது" என்றார்.

அடுத்தது, ஏன் தர வேண்டும் என்பது. நான் வீட்டு வாடகை, அம்மா மருந்து என்று ஆரம்பித்தேன். முதலாளியாக இருந்த அக்கா உச்சுக் கொட்டினார். பிறகு அக்காவாக மாறி, "உன்ற வாடகை அவரு கணக்குல எங்கயும் வராது. அவரு கணக்குல வர்றதச் சொல்லு" என்றார்.

அந்தக் கோடையில் நடந்த ஒன்று இருந்தது. பையன்களுக்கான நைட்வேர், 9,000 செட். பிரிண்ட் அப்ரூவல் தருவதில் பையர் தரப்பில் தாமதம். ஆனால் கப்பல் தேதி மட்டும் மாறக் கூடாது என்றார்கள். தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், செலவு நம் தலையில். செட் 300 கிராம், மொத்தம் 2,700 கிலோ. கிலோவுக்கு 150 ரூபாய் வைத்தாலும் நான்கு லட்சம். நாங்கள் ஸ்ட்ரைக் ஆஃப் அனுப்பிய தேதி, அவர்கள் பதில் சொன்ன தேதி எல்லாவற்றையும் வரிசையாக வைத்து நான் மெயில் போட்டேன். ஒரு வாரம் நீட்டித்துத் தந்தார்கள். சரக்கு கப்பலிலேயே போனது.

இதை நான் அக்காவிடம் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அப்ரூவல் யார் கையில் நின்றது, பையர் ஆபீஸில் யார் லீவில் போனார் என்பதெல்லாம் வந்தது. "நாலு லட்சம் கடைசியா வருது. அதுக்குள்ள அவருக்கு ரெண்டு போன் வந்திரும்" என்றார். பணத்தை முதலில் வைத்து மூன்று வாக்கியத்துக்குள் சொல்லப் பழக்கினார். கையில் இரண்டே காகிதம்: அந்த மெயில், அந்த ஆர்டரின் டைம் அண்ட் ஆக்‌ஷன் சார்ட். ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகாதே, வழக்குப் போட வந்தவள் மாதிரி இருக்கும் என்றார்.

அந்த வருஷம் முதலாளிகளிடம் தயாராக இருந்த புலம்பல் எல்லோருக்கும் தெரியும். முந்தைய அக்டோபரில் டிராபேக் சதவீதத்தை வெட்டிவிட்டார்கள், ஜிஎஸ்டி ரீஃபண்ட் மாட்டிக்கொண்டு வரவில்லை. அக்கா அதையும் அழகாகப் புலம்பிக் காட்டினார். எனக்கு உடனே ஒரு பதில் தோன்றியது. டாலர் அந்த அக்டோபரில் 74 ரூபாயைத் தொட்டிருந்தது. எங்கள் ஆர்டர்களுக்கு 67 வைத்துக் காஸ்டிங் போட்டதே நான்தான். "டாலர்ல வருதுங்களே சார்" என்றேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "அத மட்டும் சொல்லிராத. அவரு முன்னாலயே பேங்க்ல ஃபார்வர்டு போட்டு ரேட்டப் பூட்டி வெச்சிருந்தா அந்த ஏத்தம் அவருக்கு வராது. வந்தாலும், அவரு சட்டப் பையில நீ கைய விட்ட மாதிரி ஆயிரும்." அதற்குப் பதிலாக வந்தது சின்ன வாக்கியம்: "ஆமாங்க சார், கஷ்டமான நேரந்தானுங்க. அதனாலதான் ஏர் போகாம பாத்துக்கறேனுங்க." புலம்பலை ஒத்துக்கொண்டு, மறுபடி அந்த நான்கு லட்சத்துக்கே திரும்புவது. நாக்கு பழகுகிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் கடந்துவிடலாம் என்று பட்டது. கடக்க முடியாமல் போனது வேறொன்று.

ஒரு ஞாயிறு, நான் 26,000 என்று சொன்னதும், அக்கா முதலாளியின் கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரி கையைக் கொண்டுபோய், தணிந்த குரலில் கேட்டார்: "ஏங்கண்ணு, அப்பாவுக்கு முடியாமப் போனப்ப நாம விட்டுட்டமா?"

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதலாளி 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். வட்டி இல்லை, கையெழுத்துகூட அக்கவுண்ட்ஸ் அண்ணன்தான் பிறகு நினைவுபடுத்தி வாங்கினார். அப்பா பிழைக்கவில்லை. காரியத்துக்கு முதலாளி வீட்டம்மாவோடு வந்து உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் நானே அக்காவிடம் சொன்னவை. அவற்றை அப்படியே எடுத்து என் முன்னால் வைத்ததும் எனக்குப் பேச்சு எழவில்லை. கண் நிறைந்துவிட்டது. அக்கா சமாதானம் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கோவமா பேசறவங்ககிட்ட நாம எப்படியும் பேசிருவோம். இந்த ஊர்ல யாரும் கோவமாப் பேசி அனுப்ப மாட்டாங்க. நம்ம புள்ள மாதிரின்னு சொல்லித்தான் அனுப்புவாங்க. நானும் அதான் பண்ணுவேன். நெசமாவே பாசம் இருக்கும், அதுல பொய் இல்ல. அதனாலதான் வேலை செய்யுது" என்றார்.

அந்த அட்வான்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டார். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து எப்போதோ முடிந்திருந்தது. "அப்பப் பணக் கணக்கு முடிஞ்சுது. நன்றிக் கணக்கு முடியாது, முடிய வேண்டியதும் இல்ல. ரெண்டையும் தனித்தனியா சொல்லு" என்றார். இருவருமாகச் சொல்லிப் பார்த்து, தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் நின்றது இது: "அன்னைக்குச் செஞ்சத நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேனுங்க சார். இது வேலைக்குக் கேக்கறதுங்க. ரெண்டு பையர நான் ஒருத்தியே பாக்கறேனுங்க." இதைக் குரல் உடையாமல் சொல்வதற்குத்தான் மிச்ச நேரம் முழுக்கப் போனது. சில தடவை நான் 'மறக்க மாட்டேனுங்க' என்பதோடு நின்றுவிடுவேன். அங்கே நின்றால் பேச்சு அவர் பக்கம் போய்விடும் என்று அக்கா மறுபடி மறுபடி கேள்வியைப் போட்டார். கேட்கக் கேட்க அந்தக் கேள்வியின் கூர் மழுங்கியது. ஒத்திகையால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை அதுதான் என்று நினைக்கிறேன். என் வாயில் வாக்கியம் தேறியதைவிட, அவர் கேள்வி என் காதுக்குப் பழகியது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "செய்யலாம் கண்ணு, பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னால் சந்தோஷப்பட்டு வந்துவிடாதே என்றார். தொகையும் இல்லாமல் மாதமும் இல்லாமல் வருகிற சரி, அடுத்த ஏப்ரலுக்குள் காற்றில் போய்விடும். ஜெனரல் மேனேஜராக இருந்தபோது அக்கா அதிகம் கொடுத்த பதில் அதுதானாம். அதற்கு நான் கேட்க வேண்டியது: "இந்த மாசத்துல இருந்தே வெச்சுக்கலாமுங்களா சார்? அக்கவுண்ட்ஸ் அண்ணன்கிட்ட நான் சொல்லட்டுங்களா, நீங்க சொல்றீங்களா?"

தீபாவளி முடிந்து நவம்பர் நடுவில் போனேன். முதலாளி நாங்கள் எதிர்பார்த்த எதையும் எதிர்பார்த்த வரிசையில் சொல்லவில்லை. லேப் டிப் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான்கு லட்சத்தைச் சொன்னதும், அந்த இரண்டு காகிதத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேற பக்கம் கூப்பிட்டாங்களா கண்ணு?" என்றார். அதற்குப் பதில் தயாரில்லை. "இல்லீங்க சார், போறதுக்குக் கேக்கலீங்க" என்றேன். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தார். "சரி, 22,000 போட்டுக்கலாம்" என்றார்.

நோட்டில் 'நடுவில் வேண்டாம்' என்று எழுதியிருந்த இடத்துக்கு நேராக வந்து விழுந்த தொகை. "22,000 வேண்டாமுங்க சார். அதுக்கு 21,000 போதுமுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்திருப்பார். அக்கவுண்ட்ஸ் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் இஎஸ்ஐ வரம்பைச் சொல்லி, 22,000 போட்டால் இந்தப் பொண்ணுக்கு மார்ச்சோடு இஎஸ்ஐ பிடித்தம் நின்று, பிறகு கார்டும் போய்விடும் என்று விளக்கினார். கூடவே, எனக்காகக் கம்பெனி கட்டுகிற 4.75 சதவீதமும், அதாவது மாதம் 900 சொச்சம், ஏப்ரலிலிருந்து மிச்சமாகும் என்றார். அதை நான் சொல்லக் கூடாது, அண்ணன் வாயிலிருந்து வரட்டும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். முதலாளி சிரித்தார். "அப்ப எவ்வளவுலதான் நிக்கும்?" என்று கேட்டதற்கு 26,000 என்றேன். 24,500-இல் முடிந்தது. எந்த மாதத்திலிருந்து என்று நான் கேட்கும் முன்பே, இந்த மாதமே ஏற்றிவிடச் சொல்லி அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

பிப்ரவரியில் கோயம்புத்தூர் சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது. திருப்பூருக்கென்று நூறு படுக்கை இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு அந்த மாதம்தான் அடிக்கல் நாட்டியிருந்தார்கள். ஏப்ரலில் இஎஸ்ஐ பிடித்தம் நின்றது, பிறகு கார்டும் போனது. மாத்திரைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஒதுக்கியது போக, மாதம் 2,300 ரூபாய் நிஜமாகவே கூடியிருந்தது. ஐயாயிரம் ஏறியதாக ஊரெல்லாம் சொன்னாலும் என் ஏற்றம் அந்த 2,300-தான்.

எங்கள் சாம்பிள் செக்ஷன் சூப்பர்வைசருக்கு ஜனவரியில் சம்பளம் 21,500 ஆகியிருந்தது. வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிற அப்பா, இரண்டு குழந்தைகள். மனைவியும் நிட்டிங்கில் வேலை செய்துவிட்டு நின்றுவிட்டவர். அவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. மார்ச் கடைசி வாரம் அக்கவுண்ட்ஸுக்குப் போய், ஏப்ரலிலிருந்து ஐந்நூறு ரூபாய் குறைத்துப் போடச் சொல்லிக் கேட்டார். அண்ணன் இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார், சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த ஒரே ஆள் நம் கம்பெனியில்தான் இருக்கிறார் என்று.